மோட்டார் விஷயம்: முடிந்தது

ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எங்க அபார்ட்மெண்ட்ல மொத்தம் 36 வீடு. 2017-ல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கமிட்டி தேர்தல்னு கூப்பிட்டாங்க. டீயும் பஜ்ஜியும் உண்டுன்னு கேள்விப்பட்டுப் போனேன். திரும்பி வரும்போது செகரட்டரியா வந்தேன். "உங்களுக்குத்தான் தமிழ்ல நல்லா எழுத வருமே சார், மினிட்ஸ் எழுதுங்க"ன்னு தலையில கட்டிட்டாங்க. தங்கமணி சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

மினிட்ஸ் புக்ல எல்லாப் பகுதியும் எனக்குப் பிடிச்சுது, ஒண்ணைத் தவிர. போன கூட்டத்துல பேசினதுல பாக்கி என்ன, எது ஆச்சு, எது ஆகலைன்னு எழுதற பகுதி. முன்னாடி இருந்த செகரட்டரி அதுக்கு 'மேட்டர்ஸ் அரைசிங்'னு தலைப்பு போட்டிருந்தார். நான் கொஞ்சம் தமிழ்ப்பற்றோட 'முந்தைய கூட்டத்தின் தொடர் விஷயங்கள்'னு மாத்தினேன். மாத்தினது தலைப்பு மட்டும்தான். உள்ளே எழுதினது பழைய கதையேதான். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. 'தொடர்கிறது'. 'முடிந்தது'. 'குறித்துக்கொள்ளப்பட்டது'. அஞ்சு நிமிஷத்துல அந்தப் பகுதி முடிஞ்சிடும், மிச்ச நேரத்துக்கு பார்க்கிங் சண்டை.

அந்த ஒரு வார்த்தையால ஒரு பெரிய மனுஷன் 19 நாள் தலைகுனிஞ்சு நடந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

2017 அக்டோபர்ல எங்க போர்வெல் மோட்டார் எரிஞ்சு போச்சு. பதறிப்போய் புது மோட்டாருக்கு ஒரு கடையில 25,000 ரூபாய் அட்வான்ஸ் செக் கொடுத்தோம். அதுக்குள்ள வேற ஒரு மெக்கானிக் வந்து பார்த்துட்டு, பழசையே ரீவைண்டிங் பண்ணினா ஓடும்னு சொல்லிட்டார். ஓடவும் செஞ்சுது. கடைக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர ஒத்துக்கிட்டார், ஆனா ரெண்டு தவணையா, ரொக்கமா. இதையெல்லாம் அலைஞ்சு வாங்கினவர் எங்க பொருளாளர் சார். பேங்க்ல முப்பத்து சொச்சம் வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். என்னை 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவார்.

இப்ப நான் எழுதின மினிட்ஸைப் பாருங்க. வரிசையா மூணு மாசம்.

நவம்பர் 5: "மோட்டார் முன்பணம் ரூ.25,000-ஐ கடையிலிருந்து திரும்பப் பெற முடிவு செய்யப்பட்டது."

டிசம்பர் 3: "மோட்டார் விஷயம்: தொடர்கிறது."

ஜனவரி 7: "மோட்டார் விஷயம்: முடிந்தது."

எழுதும்போது எனக்கு எல்லாம் தெரியும். கமிட்டியில இருந்த ஏழு பேருக்கும் தெரியும். அதனால யாருக்கும் அது குறையாவே தெரியலை. அடுத்த கூட்டத்துல படிச்சோம், சரின்னு சொன்னோம், தலைவர் கையெழுத்து போட்டார்.

2018 ஜூலை 1 அன்னிக்கு ஆண்டுப் பொதுக்குழு. ரெண்டாவது மாடியில இருக்கற ஒருத்தர் எழுந்தார். கையில நவம்பர் மினிட்ஸ் ஜெராக்ஸ். "இருபத்தஞ்சாயிரம் திரும்ப வாங்கணும்னு எழுதியிருக்கீங்க. வந்துச்சா? கணக்குல காணோமே?"

அவர் கேட்டது தப்பில்லைங்க. வருஷக் கணக்குல நெஜமாவே அது இல்லை. மார்ச் 31-க்குள்ள கொடுத்த பணம் திரும்ப வந்துட்டதால, அட்வான்ஸ் பாக்கி பூஜ்யம். அதனால ரீவைண்டிங் செலவு மட்டும்தான் ரிப்பேர் கணக்குல நின்னுது. பாஸ்புக்ல தேடினாலும் 25,000-னு வரவு கிடையாது. பொருளாளர் சார் அந்த ரொக்கத்தை அந்தந்த மாச மெயின்டனன்ஸ் வசூலோட சேர்த்து ஒரே சலானா கட்டிட்டார். போனது மட்டும் 25,000-னு செக்கா தெளிவா தெரியுது. வந்தது எங்கேன்னு தெரியலை.

பொருளாளர் சார் கொஞ்சமும் பதறலை. "ரெண்டு தவணையா வந்துச்சுங்க. மினிட்ஸ்ல இருக்கும் பாருங்க"ன்னு என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் புக்கைப் புரட்டினேன். ஜனவரி பக்கம். சத்தமாப் படிக்கச் சொன்னாங்க. "மோட்டார் விஷயம்: முடிந்தது"ன்னு படிச்சேன்.

பின் வரிசையில யாரோ, "ஆமாமா, முடிஞ்சுது"ன்னாங்க. நாலஞ்சு பேர் சிரிச்சாங்க.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரலை. ரசீதுப் புத்தகத்தைக் காட்டலாம்னா அது ஆடிட்டர்கிட்ட இருந்துச்சு. ஆடிட்டரோ அந்த வாரம்தான் ஆபீஸ் மாத்தியிருந்தார், எல்லாம் மூட்டையில. தேடி எடுக்க 19 நாள் ஆச்சு. அந்த 19 நாளும் சார் சாயங்காலம் கீழே பெஞ்சுக்கு வரலை. பால் வாங்கக்கூட மாமிதான் வந்தாங்க. ஒரு தடவை லிஃப்ட்ல மாமியைப் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா மாமி"ன்னேன். "இருக்கோம்"னாங்க. அவ்ளோதான்.

ரசீதுப் புத்தகம் கிடைச்சுது. அடிக்கட்டையில ரெண்டு ரசீதும் அவர் கையெழுத்துல பளிச்சுன்னு இருக்கு. ரசீது எண் 118, 131. சலான் அடிக்கட்டைக்குப் பின்னாடி "இதில் மோட்டார் 15,000"ன்னு பென்சில்ல வேற எழுதி வெச்சிருந்தார். மனுஷன் தன் பக்கத்துல எல்லாம் சரியாத்தான் செஞ்சிருந்தார். எழுதாம விட்டது நான்.

நோட்டீஸ் போர்டுல நகல் ஒட்டினேன், வீடு வீடாவும் கொடுத்தேன். கேள்வி கேட்டவர் சார் வீட்டுக்கே போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்தார். சிரிச்சவங்க யாரும் போகலை.

அப்புறம் நான் போனேன். மாமி காபி கொடுத்தாங்க. நான் ரொம்ப யோசிச்சு வெச்ச திட்டத்தைச் சொன்னேன். "சார், ஜனவரி பக்கத்துல அந்த வரிக்குக் கீழே இடம் இருக்கு. ரசீது நம்பரை இப்ப சேர்த்து எழுதிடவா?"

அவருக்கு முதல் தடவையா கோபம் வந்துச்சு. "கையெழுத்து போட்ட பக்கத்துல கை வைக்காதீங்க தம்பி. வெச்சா அப்புறம் அந்த புக்ல எந்த வரியையும் யாரும் நம்ப மாட்டாங்க. எனக்காகவா திருத்தறீங்க? அதைவிட எனக்குப் பெரிய அவமானம் வேணாம்."

அவர் சொன்ன வழி இதுதான். மினிட்ஸைப் படிச்சு சரின்னு ஒத்துக்கறதுக்கு முன்னாடி தப்பு தெரிஞ்சா, அந்த ஒத்துக்கற இடத்துலயே திருத்தம் சொல்லி, திருத்தினதையும் எழுதி, அப்புறம் கையெழுத்து. கையெழுத்து ஆனப்புறம் தெரிஞ்சா, பழைய பக்கம் அப்படியே நிக்கணும். புதுக் கூட்டத்துல, தொடர் விஷயங்கள்ல, புது வரியா எழுதணும். ஆகஸ்ட் 5 கூட்டத்துல அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:

"7.1.2018 கூட்டத்தில் 'மோட்டார் விஷயம்: முடிந்தது' என்ற பதிவில் விவரம் இல்லை. விவரம்: முன்பணம் ரூ.25,000-இல் ரூ.15,000 28.11.2017 அன்றும் (ரசீது 118), ரூ.10,000 27.12.2017 அன்றும் (ரசீது 131) ரொக்கமாகத் திரும்ப வந்தன. இரண்டும் அந்தந்த மாதப் பராமரிப்பு வசூலுடன் சேர்த்து வங்கியில் கட்டப்பட்டன. அடிக்கட்டைகளைக் கமிட்டி பார்த்தது. பாக்கி இல்லை. முடிந்தது."

அடுத்த ஆறு மாசம், கூட்டம் முடிஞ்ச மறுநாள் நான் எழுதின வரைவை எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போறது வழக்கமாச்சு. டியூஷன்னே சொல்லலாம். பேங்க் ஆள் இல்லையா, எல்லாத்தையும் கேஷ் கவுண்டர் கணக்காவே பார்ப்பார்.

முதல் பாடம், நம்பர். நவம்பர் கூட்டத்துல மூணாவதா வந்த விஷயம்னா அதுக்குப் பேர் 11-17/3. அது முடியற வரைக்கும் அந்த நம்பர்தான். நான் என்ன செய்வேன்னா, ஒவ்வொரு மாசமும் ஒண்ணுல இருந்து புதுசா நம்பர் போடுவேன். அப்ப எது எத்தனை மாசமா இழுக்குதுன்னே தெரியாது. பழைய நம்பரோட எழுதினா, மார்ச் கூட்டத்துல 11-17/3-ன்னு வந்து நிக்கும்போது அதுவே மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும். எங்க நவம்பர் முடிவு டிசம்பர்ல வெறும் 'மோட்டார் விஷயம்'னு சுருங்கினப்பவே, அது 25,000 ரூபாய் விஷயம்ங்கறது போயிடுச்சு. நம்பர் இருந்திருந்தா படிக்கிறவன் நவம்பர் பக்கத்துக்காவது போயிருப்பான்.

ரெண்டாவது பாடம், டேலி. "சாயங்காலம் கேஷ் டேலி ஆகாம நாங்க வீட்டுக்குப் போக முடியாது தம்பி. நீங்க மட்டும் எப்படிப் போறீங்க?"ன்னார். போன மினிட்ஸ்ல 'தொடர்கிறது'ன்னு போனது எத்தனை? அதே கூட்டத்துல புதுசா முடிவு பண்ணி, செய்ய வேண்டியதா நிக்கறது எத்தனை? ரெண்டையும் கூட்டினா ஓப்பனிங் பேலன்ஸ். இந்த மாசம் முடிஞ்சது, கைவிட்டது, தொடர்றது மூணையும் கூட்டினா அதே எண் வரணும். முதல் தடவை நான் செஞ்சு பார்த்தப்ப, பழசு 7, புதுசு 4, ஆக 11. என் வரைவுல இருந்தது 9. ரெண்டு காணோம். எங்கேன்னு தேடினா, ஒண்ணு மாடித் தண்ணீர் தொட்டி மூடி. அந்தப் பொறுப்பை எடுத்துக்கிட்டவர் வீடு காலி பண்ணிப் போயிட்டார், அவரோட விஷயமும் போயிடுச்சு. இன்னொண்ணு வாட்ச்மேன் ரூம் ஃபேன். போன கூட்டத்துல கடைசியா, எல்லாரும் எழுந்து நிக்கும்போது பேசினது. யாரும் வேணும்னு விடலை. எண்ணிப் பார்க்காம இருந்தா ரெண்டும் காணாமப் போனது தெரிஞ்சே இருக்காது. தொட்டி மூடி இல்லாம மழைக்காலம் வந்தா என்னாகும்னு உங்களுக்குச் சொல்ல வேணாம்.

மூணாவது எனக்கு ரொம்ப உறைச்சுது, ஏன்னா அது என் தமிழ் சம்பந்தப்பட்டது. (எழுத வரும்னுதானே இந்தப் பதவியே கொடுத்தாங்க!) நம்ம மினிட்ஸ் தமிழ்ல செய்யறவனே இருக்க மாட்டான். 'பார்க்கப்படும்', 'விசாரிக்கப்படும்', எல்லாத்துக்கும் மேல அந்த மகா வாக்கியம், 'ஆவன செய்யப்படும்'. யார் செய்யப் போறா? தெரியாது. எப்ப? தெரியாது. சார் அந்த மாதிரி வரிக்குக் கீழே பென்சில்ல கோடு போட்டு 'யார்?'னு எழுதுவார். 'பொருளாளர் டிசம்பர் 31-க்குள் வாங்குவார்'னு எழுதினா, ஜனவரியில அதை மூடறதா தொடர்றதான்னு சண்டையே வராது.

அதைவிட மோசமான குழி ஒண்ணு இருக்கு. 'முடிவு செய்யப்பட்டது'. இதுக்கு, செய்யலாம்னு தீர்மானிச்சோம்னு அர்த்தம். ஆனா ஆறு மாசம் கழிச்சு அவசரமாப் படிக்கிறவனுக்கு 'முடிவு' மட்டும்தான் கண்ணுல படும், விஷயம் முடிஞ்சுதுன்னு தாண்டிப் போயிடுவான். எங்க பழைய புக்ல லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் 'முடிவு செய்யப்பட்டது'ன்னு இருக்கு. அது ஒப்பந்தம் போட முடிவா, ஒப்பந்தத்தையே முடிச்சுக்கிட்டாங்களா? இன்னிக்கு வரைக்கும் தெரியலை. அதனால இப்பெல்லாம் 'தீர்மானித்தோம்'னு எழுதறேன். 'முடிந்தது'ங்கற வார்த்தையை மூடற இடத்துக்கு மட்டும்னு ஒதுக்கி வெச்சுட்டேன், வேற எங்கேயும் வரவிடறதில்லை.

சரி, 'முடிந்தது'ன்னு எப்ப எழுதலாம்? கேக்கறதுக்கு சுலபமா இருக்கும். ஆனா கூட்டத்துல "கேமரா விஷயம் முடிஞ்சுதா?"ன்னு கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. "ஆச்சு சார்"னுதான் பதில் வரும். கேள்வியை மாத்திப் பாருங்க. "என்ன ஆச்சு? என்னிக்கு? பில் நம்பர் என்ன?" அப்ப நிஜம் வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு. நாலு கேமரா வாங்கறதா தீர்மானம், மூணு மாட்டியாச்சு. பின் கேட் கேமராவுக்கு ஒயர் பத்தலை. பழைய நானா இருந்தா 'கேமரா பொருத்தப்பட்டது, முடிந்தது'ன்னு எழுதிட்டு பஜ்ஜிக்குப் போயிருப்பேன். இப்ப அதை ரெண்டா வெட்டினேன். 9-18/2அ, மூன்று கேமராக்கள், மாட்டிய தேதி, பில் எண், தொகை, முடிந்தது. 9-18/2ஆ, பின் கேட் கேமரா, ஒயர் பற்றாக்குறை, இணைச் செயலாளர் அடுத்த ஞாயிறுக்குள் முடிப்பார், தொடர்கிறது. (டேலியில இது ஒண்ணு ரெண்டாகும். 'பிரித்தது 1'னு கூட்டிக்கணும், இல்லேன்னா கணக்கு இடிக்கும். நான் முதல் தடவை அரை மணி நேரம் முழிச்சேன்.) டிசம்பர் கூட்டத்துல அந்த 15,000-க்கும் இதையேதான் செஞ்சிருக்கணும். வந்ததை நம்பரோட மூடிட்டு, மீதி 10,000-த்தை மட்டும் ஜனவரிக்குத் தள்ளியிருக்கணும்.

இந்த விசாரணையெல்லாம் கூட்டத்துல வெச்சுக்கிட்டா விடிஞ்சிடும். அதனால ரெண்டு நாள் முன்னாடியே ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் போன் பண்ணிக் கேட்டு, வரைவுல எழுதிடறது. கூட்டத்துல படிச்சா பத்து நிமிஷம். தனியா அஜெண்டாவுல தலைப்பு இருக்கற விஷயத்தை இங்கே பேசவே விடறதில்லை, 'பார்க்க: விஷயம் 6'னு ஒரு வரி. இல்லேன்னா ஒரே சண்டையை ரெண்டு தடவை போடுவோம், ரெண்டு இடத்துல ரெண்டு விதமா முடிவு எழுதியிருக்கும்.

சாரோட எனக்கு ஒத்துப்போகாத ஒரே விஷயம் கைவிடறது. அவருக்கு எதையும் கைவிடப் பிடிக்காது, பாக்கி பாக்கிதான். எனக்கு, மூணு தடவைக்கு மேல 'தொடர்கிறது'ன்னு வர்ற விஷயத்தைப் பார்த்தாலே எரிச்சல். மூணாவது தடவை வந்தா அதைத் தனி அஜெண்டாவா வெச்சு, செய்யறோமா இல்லையான்னு கேட்டுடணும்னு நான் பிடிவாதம் பிடிச்சேன். கடைசியில ஒத்துக்கிட்டார், ஒரு கண்டிஷனோட. கைவிட்டா 'கைவிடப்பட்டது'ன்னு காரணத்தோட எழுதணும், சத்தமில்லாம விட்டுடக் கூடாது. இன்டர்காம் விஷயத்துல இன்னொண்ணும் காட்டிக் கொடுத்தார். மூணு கொட்டேஷன் வாங்கினோம், மூணும் கையைக் கடிச்சுது. கமிட்டியில கைவிடலாம்னு நான் எழுதப் போனேன். "இன்டர்காம் போடணும்னு சொன்னது யாரு? பொதுக்குழு. அவங்க சொன்னதை நாம ஏழு பேர் எப்படி மூடறது?"ன்னார். ஆக, 'கைவிடலாம் எனக் கமிட்டி பரிந்துரைக்கிறது, அடுத்த பொதுக்குழுவின் முன் செயலாளர் வைப்பார், தொடர்கிறது'ன்னு எழுதி, பொதுக்குழு வரைக்கும் ஒவ்வொரு மாசமும் அதை டேலியில சுமந்தேன். எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா அவர் சொன்னது சரி.

2019 ஜூலை 7. அடுத்த ஆண்டுப் பொதுக்குழு. அவர் தேர்தல்ல நிக்கலை, முன்னாடியே சொல்லிட்டார். போன வருஷ மினிட்ஸைப் படிச்சு ஒத்துக்கிட்டாங்க. அதுல 'மோட்டார் முன்பணம் பற்றி உறுப்பினர் கேள்வி எழுப்பினார், விவரம் தருவதாகச் செயலாளர் கூறினார்'னு இருந்துச்சு. ஆக, அது பொதுக்குழுவோட பாக்கி. நோட்டீஸ் ஒட்டினதாலயோ, கமிட்டியில எழுதினதாலயோ அது மூடினதாகாது. கேட்ட இடத்துல பதில் சொல்லணும்.

தொடர் விஷயங்கள் வந்துச்சு. இன்டர்காமைக் கைவிட கை தூக்கச் சொன்னேன், தூக்கினாங்க, எழுதினேன். அடுத்து மோட்டார். போன வருஷம் படிச்ச அதே இடத்துல நின்னு, தொகை, ரெண்டு தேதி, ரெண்டு ரசீது நம்பர், வங்கியில கட்டின விதம் எல்லாத்தையும் மெதுவா, சத்தமாப் படிச்சேன். ஜனவரி மினிட்ஸ்ல விவரம் எழுதாதது செயலாளரோட தவறுன்னும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரி வரைவுல இல்லை, சாருக்கே தெரியாது. யாரும் சிரிக்கலை. ரெண்டாவது மாடிக்காரர் எழுந்து, "திருப்தி"ன்னு சொல்லி உக்காந்தார். அதையும் எழுதிக்கிட்டேன். "முடிந்தது."

சார் கடைசி வரிசையில, மாமிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தார். கூட்டம் முடிஞ்சு நாற்காலி மடக்கிக்கிட்டிருந்தப்ப கிட்ட வந்தார். ஏதோ உருக்கமா சொல்லப் போறார்னு நெனச்சேன்.

"தம்பி, இன்னிக்கு ஓப்பனிங் எவ்ளோ?"

"அஞ்சு சார். முடிஞ்சது மூணு, கைவிட்டது ஒண்ணு, தொடர்றது ஒண்ணு."

விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, பஜ்ஜி தட்டு பக்கம் போனார்.